கஞ்சமலைக் கல்லில் இரும்பு மட்டும் ஏன் பிரிகிறது? எலிங்கம் வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையில் ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறிப் பட்டைகள் ஓடுவது தெரியும். கறுப்புப் பட்டை மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதில் காந்தம் ஒட்டும். வெளுப்புப் பட்டை குவார்ட்ஸ், அதாவது சிலிக்கான் ஆக்சைடு. கல்லின் மொத்த எடையில் இரும்பு ஏறக்குறைய 35 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி சிலிக்காவும் ஆக்சிஜனும். இந்தக் கல்லையும், மலையிலிருந்து ஓடைகள் அரித்துக்கொண்டு வந்த கருமணலையும் மரக்கரியோடு மண் உலையில் போட்டு, துருத்தியால் ஊதி இரும்பு எடுத்த வேலை கொங்கு நாட்டிலும் சேலம் பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடந்தது. 1800-இல் அந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

இரண்டு ஆக்சைடுகள், ஒரே கரி, ஒரே நெருப்பு. உலையிலிருந்து இரும்பு வந்தது, சிலிக்கான் வரவில்லை. உலோகவியல் கட்டுரை எழுத உட்காரும் மாணவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது. ஏனென்றால் பாடநூலில் எலிங்கம் வரைபடத்தை வரைந்து, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு வெப்பநிலையைக் குறித்து, "இதற்கு மேல் ஒடுக்கம் நடக்கும்" என்று முடிப்பதுதான் வழக்கம். கஞ்சமலைக் கல்லை வைத்துக் கேட்டால் அந்த ஒற்றை வரி போதாது என்பது உடனே தெரிந்துவிடும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேலை பார்த்த ஹெரால்ட் எலிங்கம் இந்த வரைபடத்தை 1944-இல் வெளியிட்டார். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்றுதான்: எல்லா உலோகங்களையும் ஒரே அளவு ஆக்சிஜனோடு, ஒரு மோல் O₂-வோடு, வினைபுரியவிட்டுக் கணக்கிட்டார். இரும்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஒரு மோல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் வெப்பநிலைக்கு எதிராக வரைந்தார். கோடு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த உலோகம் ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். கீழே உள்ள தனிமம் மேலே உள்ள ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும்.

உலோகங்களின் கோடுகள் ஏறக்குறைய எல்லாமே வலப்பக்கம் போகப் போக மேலேறுகின்றன. வாயுவாகத் திரிந்த ஆக்சிஜன் திண்ம ஆக்சைடுக்குள் அடைபடும்போது என்ட்ரோபி குறைகிறது. வெப்பநிலை கூடக் கூட அந்த இழப்பு ஆற்றல் கணக்கில் பெரிதாக ஏறுகிறது. கார்பன் கார்பன் டையாக்சைடு ஆகும்போது ஒரு மோல் வாயு போய் ஒரு மோல் வாயு வருகிறது. ஆகவே அந்தக் கோடு ஏறாமல் இறங்காமல் படுத்தே கிடக்கிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடாக எரியும்போது ஒரு மோல் ஆக்சிஜன் உள்ளே போய் இரண்டு மோல் CO வெளியே வருகிறது. வாயு கூடுகிறது, என்ட்ரோபி கூடுகிறது, கோடு கீழ்நோக்கிச் சரிகிறது. மற்ற கோடுகள் எல்லாம் ஏறும்போது இது ஒன்று மட்டும் இறங்கினால் எங்காவது ஒவ்வொன்றையும் வெட்டித்தான் தீர வேண்டும். உலோகம் எடுப்பதற்குக் கரிக்கு இருக்கும் வலிமை முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது.

இப்போது கஞ்சமலைக்கு வருவோம். மேக்னடைட் ஒரேயடியாக இரும்பாக மாறுவதில்லை. முதலில் FeO ஆகும், பிறகுதான் இரும்பு. முதல் படி எளிது, சிரமம் இரண்டாவதில். எனவே கணக்கை FeO-வுக்குப் போட வேண்டும். கெல்வினில் T, கிலோஜூலில் ஆற்றல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மோல் ஆக்சிஜனுக்கான மதிப்புகள் இவை:

2Fe + O₂ → 2FeO; ΔG° = −527.4 + 0.1287T

2C + O₂ → 2CO; ΔG° = −223.4 − 0.1753T

இரண்டையும் சமன் செய்தால் 0.304T = 304. அதாவது T ஏறக்குறைய 1,000 கெல்வின், 727 டிகிரி செல்சியஸ். பாடநூல்கள் 700 முதல் 750 வரை ஏதோ ஓர் எண்ணைச் சொல்வதற்கு இதுவே காரணம். எடுத்துக்கொள்ளும் தரவுகளைப் பொறுத்து எண் சற்று நகரும். 500 டிகிரியில் இரும்பின் கோடு −428-இலும் கார்பனின் கோடு −359-இலும் இருக்கின்றன. கார்பன் மேலே நிற்கிறது, பிடுங்க முடியாது. 1,200 டிகிரியில் இரும்பு −338, கார்பன் −482. கார்பன் 144 கிலோஜூல் கீழே போய்விட்டது.

அதே 1,200 டிகிரியில் சிலிக்காவின் கோடு எங்கே இருக்கிறது? −649-இல். கார்பனுக்கும் 167 கிலோஜூல் கீழே. கரி எவ்வளவு கொட்டினாலும், எத்தனை நாள் ஊதினாலும் குவார்ட்ஸ் பட்டை அசையாது. சிலிக்காவின் கோட்டைக் கார்பன் கோடு வெட்டுவது சுமார் 1,650 டிகிரியில்தான். ஆக, ஒரே கல்லில் உள்ள இரண்டு ஆக்சைடுகளுக்கு நடுவே வரைபடம் 727-இலிருந்து 1,650 வரை ஒரு பெரிய இடைவெளியைத் திறந்து காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் எந்த வெப்பநிலையில் நின்றாலும் இரும்பு பிரியும், சிலிக்கா மிஞ்சும். "இந்த வெப்பநிலையில் கரியால் ஒடுக்கலாம்" என்று நியாயப்படுத்துவது உண்மையில் இப்படி இரண்டு எல்லைகளைச் சொல்வதுதான். கீழ் எல்லையை மட்டும் எழுதி நிறுத்தும் கட்டுரை பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் உலைகள் 727-இலோ 800-இலோ ஓடவில்லை. பழைய இரும்பு உலைகளின் கசடுகள் 1,150 முதல் 1,250 டிகிரி வரையிலான சூட்டைக் காட்டுகின்றன. இவ்வளவு கூடுதல் சூடு எதற்கு? இதற்கு எலிங்கம் வரைபடத்தில் விடை இல்லை, தேடினாலும் கிடைக்காது. விடை கசடின் உருகுநிலையில் இருக்கிறது. ஒடுங்காமல் மிஞ்சிய சிலிக்கா, ஒடுங்காத FeO-வில் ஒரு பங்கோடு சேர்ந்து ஃபயலைட் என்னும் சேர்மம் ஆகிறது. அது உருகுவது 1,205 டிகிரியில். அது உருகி வடிந்தால்தான் இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். 900 டிகிரியில் நிறுத்தினால் ஒடுக்கம் நடந்திருக்கும், ஆனால் இரும்பு மணல்மணலாகக் குவார்ட்ஸுக்குள் சிக்கிக் கிடக்கும். அதைச் சம்மட்டியால் அடித்து எடுக்க வழியில்லை. இரும்பு தானாக உருகுவதோ 1,538 டிகிரியில். மண் உலையில் அது எட்டாத உயரம். ஆகையால் அந்தக் காலத்து இரும்பு உருகாமலேயே, திண்மநிலையில், கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த கட்டியாக உலையின் அடியில் சேர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஃபயலைட்டில் இரும்பு போகிறது. சிலிக்கா அதிகமுள்ள தாதைப் போட்டால் கிடைக்க வேண்டிய இரும்பில் கணிசமான பங்கு கசடோடு ஓடிவிடும். கருமணலை ஓடையில் அலசிக் குவார்ட்ஸை நீக்கிய பிறகே உலையில் இட்டதற்கு இதுதான் தொழில்நுட்பக் காரணம்.

அகழாய்வில் கிடைக்கும் கசடும் இதையே பேசுகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் போன்ற இடங்களில் உலைகளும் கசடுகளும் கிடைத்திருக்கின்றன. கறுத்து, கையில் எடுத்தால் கனமாக, மேற்பரப்பில் மெழுகு வழிந்ததுபோல் மடிப்பு விழுந்த கசடு என்றால் அது நன்றாக உருகி வெளியே ஓடியது. உலை 1,200-ஐத் தொட்டிருக்கிறது. கரித்துண்டுகளும் தாதுத்துண்டுகளும் உருகாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் சூடு போதவில்லை. பச்சையோ நீலமோ கலந்த கண்ணாடிபோல, எடை குறைவாக இருந்தால் அதில் இரும்பு மிகக் குறைவு. அது பிற்கால ஊதுலையின் கசடு.

வரைபடத்தை வைத்து எழுதும்போது பலரும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கரிக்கட்டியும் தாதுக்கட்டியும் இரண்டு திண்மங்கள். அவை தொட்டுக்கொள்ளும் புள்ளிகள் மிகச் சில. அந்தப் புள்ளிகளில் மட்டும் ஒடுக்கம் நடந்தால் ஒரு மாதமானாலும் உலை இறங்காது. உலையில் உண்மையாக வேலை செய்வது கார்பன் மோனாக்சைடு வாயு. அது தாதின் துளைகளுக்குள் நுழைந்து ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டையாக்சைடாக வெளியேறுகிறது. அந்தக் கார்பன் டையாக்சைடு சூடான கரியின் மேல் பட்டு மறுபடி இரண்டு மடங்கு கார்பன் மோனாக்சைடாகிறது. இரண்டு வினைகளையும் கூட்டினால் FeO + C → Fe + CO என்று வரும். வரைபடம் இந்தக் கூட்டுத்தொகையைத்தான் காட்டுகிறது.

தனித்தனியே பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. FeO + CO → Fe + CO₂ என்ற வினைக்கு 1,200 டிகிரியில் ΔG° சுமார் +14 கிலோஜூல். நேர்க்குறி! வரைபடத்தை மேலோட்டமாகப் படிக்கும் மாணவர் "வினை நடக்காது" என்று எழுதிவிடுவார். ஆனால் ΔG° என்பது இரு வாயுக்களும் தலா ஒரு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் நிலைக்கான கணக்கு. உலைக்குள் அப்படி இல்லை. சமநிலை மாறிலியைக் கணக்கிட்டால் 0.31 வருகிறது. அதாவது ஒரு பங்கு CO₂-க்கு 3.2 பங்குக்கு மேல் CO இருந்தால் ஒடுக்கம் முன்னோக்கிப் போகும். வாயுக் கலவையில் CO நான்கில் மூன்று பங்கைச் சற்றுத் தாண்டினால் போதும். 1,000 டிகிரிக்கு மேல் போதுமான கரி இருக்கும் இடத்தில் சமநிலை வாயுவில் CO₂ ஏறக்குறைய இல்லாமலே போகும் என்பதால் இந்த நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது. 500 டிகிரியில் இதே கரி வெறும் 6 விழுக்காடு CO-வைத்தான் தரும். அங்கே தேவையை நெருங்கவே முடியாது. எலிங்கத்தின் வரைபடத்தோடு ரிச்சர்ட்சனும் ஜெஃப்ஸும் 1948-இல் CO/CO₂ விகிதத்துக்கான அளவுகோலை ஓரத்தில் சேர்த்தது இதைப் படித்தெடுப்பதற்காகத்தான். அந்த ஓர அளவுகோலைத் தொடாத கட்டுரை இரும்பைப் பற்றிய முக்கியமான செய்தியை விட்டுவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கப் பெரிய உலை தேவையில்லை. சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வரை உள்ள பக்கங்களில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் கொல்லுப்பட்டறை ஒன்றில் நின்று பார்த்தால் போதும். காற்று நுழையும் வாய்க்கு மிக அருகே ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அங்கே பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் கறுத்த செதில் படர்ந்து, அடிக்கும்போது உதிர்கிறது. அந்தச் செதில் இரும்பு ஆக்சைடு. கரி ஆழமாகக் கிடக்க, வாயிலிருந்து சற்று மேலே இரும்பை வைத்தால் அங்கே வரும் காற்று கரியைக் கடந்து கார்பன் மோனாக்சைடாகிவிட்டது, செதில் குறைகிறது. ஒரே நெருப்பு, ஒரே சூடு, ஒரு சாண் இடைவெளியில் இரும்பு ஆக்சைடாவதும் ஆகாமலிருப்பதும் மாறிவிடுகின்றன. வெப்பநிலையை மட்டும் சொல்லி ஒடுக்கத்தை நியாயப்படுத்த முடியாது, வாயுவின் கலவையையும் சொல்ல வேண்டும் என்பதற்குக் கொல்லுலை நல்ல சாட்சி.

மண் உலையில் இந்த இரண்டையும் கரியே பார்த்துக்கொண்டது. ஒடுக்கம் வெப்பத்தை உறிஞ்சும் வினை. ஒரு மோல் இரும்புக்கு, அதாவது 56 கிராமுக்கு, சுமார் 150 கிலோஜூல் கொடுத்தாக வேண்டும். அதையும் கரி எரிந்துதான் தர வேண்டும், சுவர்கள் வழியே கசியும் சூட்டையும் அதுவே ஈடுகட்ட வேண்டும். ஒரு மோல் FeO-வுக்கு 12 கிராம் கார்பன் என்று சமன்பாடு சொல்வதை நம்பி உலை வைத்தால் அது அணைந்துபோகும். உண்மையில் இரும்பின் எடையைவிடப் பல மடங்கு கரி செலவாயிற்று.

ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலையும் சேலம் பகுதித் தாதையும் மரக்கரியையும் நம்பியே இருந்தது. ஆனால் அவர் கட்டியது ஊதுலை. அதன் அடிப்பகுதி மண் உலையைவிடப் பல நூறு டிகிரி கூடுதல் சூடானது. அங்கே இரும்பு கார்பனைக் கரைத்துக்கொள்கிறது. 4.3 விழுக்காடு கார்பன் கரைந்த இரும்பு 1,150 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். ஆகையால் ஊதுலையிலிருந்து வருவது வார்ப்பிரும்பு.

ஊதுலையில் இன்னொன்றும் நடக்கிறது, அது வரைபடத்தை மீறுவதுபோல் தோன்றும். வார்ப்பிரும்பில் சிலிக்கானும் கொஞ்சம் இருக்கும். 1,650-க்குக் கீழே சிலிக்கா ஒடுங்காது என்று சொன்னோமே? அந்த எல்லை தூய சிலிக்கான் தனியாகப் பிரிந்து வருவதற்கானது. உருகிய இரும்பில் அது நூற்றில் ஒரு பங்கு போலக் கரைந்து போகும்போது அதன் செயல்திறன், அதாவது ஆக்டிவிட்டி, மிகவும் குறைந்துவிடுகிறது. சிலிக்காவின் கோடு அந்த அளவுக்கு மேலேறிவிடுகிறது, வெட்டும் புள்ளி இடப்பக்கம் நகர்கிறது. வரைபடத்தின் கோடுகள் எல்லாம் தூய பொருள்களுக்கானவை என்ற நிபந்தனையைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதி வைப்பது இதனால்தான் அவசியம்.

வாயுவாகப் பிரியும் உலோகத்துக்கு வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்தியாவிலேயே மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, துத்தநாகம் எடுத்த ராஜஸ்தானின் ஜாவர். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கிறது. அந்த இடத்தில் அதன் கோடு சட்டென்று இன்னும் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. உலோகமும் வாயு, ஆக்சிஜனும் வாயு, இரண்டும் சேர்ந்து திண்மமாவதால் என்ட்ரோபி இழப்பு பெரிது. கொதிநிலைக்கு மேல் அதன் சமன்பாடு −920.4 + 0.396T. கார்பன் கோட்டோடு சமன் செய்தால் 1,220 கெல்வின், 947 டிகிரி. ஆக, கரியால் துத்தநாகத்தை ஒடுக்கும் வெப்பநிலையில் அது எப்போதும் ஆவியாகவே வரும். உலையின் அடியில் உருகிய துத்தநாகத்தை எதிர்பார்த்து நிற்பவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. புகைபோக்கி வழியே ஆவி போய்விடும், அல்லது வழியிலேயே மறுபடி வெண்ணிற ஆக்சைடாகிவிடும்.

மறுபடி ஆக்சைடாவதையும் வரைபடமே சொல்கிறது. 947-க்கு மேலே முன்னோக்கிப் போகும் வினை, ஆவி குளிரும்போது பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அப்போது அருகில் கார்பன் டையாக்சைடு இருந்தால் அது துத்தநாக ஆவியைத் தின்றுவிடும். ஜாவரில் பழங்காலக் கைவினைஞர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி மிக நேர்த்தியானது. கத்தரிக்காய் வடிவக் களிமண் குடுவைக்குள் தாதையும் கரி தரும் பொருளையும் அடைத்து, வாயைக் கீழ்நோக்கித் தலைகீழாக, ஓட்டைகள் உள்ள செங்கல் தட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வோர் உலையிலும் 36 குடுவைகள். மேலே நெருப்பு, தட்டுக்குக் கீழே குளிர்ந்த அறை. ஆவி கீழ்நோக்கி இறங்கிக் குளிர்ந்து நீர்மமாகச் சொட்டியது. மூடிய குடுவைக்குள் கரி ஏராளமாக இருந்ததால் வாயுவில் CO₂ மிகக் குறைவு; ஆவி நெருப்பறையின் புகையோடு கலக்கவே இல்லை. 1983-இல் ஹிந்துஸ்தான் ஜிங்க், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகியவை சேர்ந்து செய்த ஆய்வில் இந்த உலைகள் குடுவைகளோடு அப்படியே கிடைத்தன. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட குடுவைகளை அடுக்கி அங்குள்ளவர்கள் வீட்டுச் சுவரே கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் கீழ்நோக்கி வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738-இல்தான்.

இனி, கரி தோற்கும் இடம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் 1960-களில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அதிலிருந்து அலுமினியம் எடுக்கத் தொடங்கியபோது கரியை வைத்து உலையில் ஊதாமல் மின்சாரத்தை நாடியது. ஏன்? அலுமினாவின் கோட்டைக் கார்பன் கோடு வெட்டுவது சுமார் 2,020 டிகிரியில். "மிகப் பெரிய வெப்பநிலை, செலவு அதிகம்" என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. ஆனால் செலவு மட்டும் காரணமில்லை. அந்தச் சூட்டில் அலுமினியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிறது. ஒரு பகுதி ஆவியாகவும் தாழ் ஆக்சைடாகவும் வாயுவில் கலந்து, குளிரும் இடத்தில் CO-வோடு வினைபுரிந்து மறுபடி அலுமினாவாகிறது. வரைபடத்தில் கார்பைடுக்குக் கோடு இல்லை. அது ஆக்சைடுகளின் கணக்கு மட்டுமே. குரோமியத்துக்கும் இதே சிக்கல் உண்டு: கோடுகள் 1,250 டிகிரிக்கு அருகில் வெட்டினாலும் கரியால் ஒடுக்கினால் கிடைப்பது கார்பன் ஏறிய ஃபெரோகுரோம்தான். தூய குரோமியம் வேண்டுமென்றால் அலுமினியத்தைக் கொண்டு ஒடுக்க வேண்டும்.

மேட்டூர்த் தொட்டிகளில் கரிக்கு இடமே இல்லாமல் போகவில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. உருகிய கிரையோலைட்டில் கரைந்த அலுமினாவுக்குள் மேலிருந்து இறங்கும் நேர்மின்வாய் கார்பனால் ஆனது. வெளிவரும் ஆக்சிஜன் அதை அரித்துக் கார்பன் டையாக்சைடாகப் போகிறது. மின்வாய் தேயத் தேய மாற்றினார்கள். 960 டிகிரியில் வரைபடத்தைப் படித்தால் அலுமினாவின் கோடு −856, கார்பன் டையாக்சைடின் கோடு −395. இடைவெளி 461 கிலோஜூல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு நான்கு மோல் எலக்ட்ரான்கள் என்பதால் அதை 4 × 96,485-ஆல் வகுத்தால் 1.19 வோல்ட் வருகிறது. கார்பன் தேயாமல் ஆக்சிஜன் வாயுவாகவே வெளியேறினால் 856-ஐயும் மின்சாரமே தர வேண்டியிருக்கும்: 2.22 வோல்ட். கரியால் தனியாக எட்ட முடியாத ஆற்றலில் ஏறக்குறைய பாதியைக் கரியும் மீதியை மின்சாரமும் பங்கிட்டுக்கொள்கின்றன. தொட்டியில் உண்மையில் 4 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிகுதி, மின்பகுளியின் தடையிலும் மின்வாய்களிலும் வெப்பமாகி, கிரையோலைட்டை உருகிய நிலையில் வைத்திருக்கிறது.